அன்னையர் தினப் பொக்கே: 300, 500, 800, 1,100 ரூபாயில் எதை எடுப்பது?

மே மாதம் பிறந்ததும் எங்கள் கடை வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். "அண்ணா, அம்மாவுக்குப் பொக்கே அனுப்பணும். ஐந்நூறு ரூபாய்க் கொத்து எடுக்கவா, இன்னும் கொஞ்சம் போட்டுக் கூடையாகவே எடுக்கவா?" கேட்பவர்களில் பலர் கோவையில் இல்லை. பெங்களூரு, சென்னை, துபாய் என்று வேலைக்குப் போனவர்கள். அம்மா மட்டும் இங்கே. போட்டோவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். போட்டோவில் நான்குமே அழகாகத்தான் இருக்கும். கட்டி முடித்த கையோடு குளிர்ந்த அறையில் எடுத்த படம் அது. மறுநாள் அம்மா வீட்டு ஹாலில், ஓடும் ஃபேனுக்குக் கீழே அதே பூ எப்படி இருக்கும் என்பது படத்தில் தெரியாது.

அதனால் எங்களிடம் உள்ள நான்கு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது யாருக்குப் பொருந்தும், எங்கே கூடுதல் செலவு ஒளிந்திருக்கிறது என்று எழுதுகிறேன். எல்லோருக்கும் விலை கூடியதைச் சொல்வது என் நோக்கமில்லை. படித்துவிட்டு நீங்கள் முந்நூறு ரூபாய்ச் சரத்தை எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

தேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே அன்னையர் தினம் மே மாதம் இரண்டாவது ஞாயிறு. 2026-இல் அது மே 10. இங்கிலாந்தில் அது பெரும்பாலும் மார்ச்சில் வரும். அரபு நாடுகள் பலவற்றில் மார்ச் 21. அங்கே கடைகளில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மார்ச்சிலேயே பதறி ஆர்டர் தருகிறவர்கள் உண்டு. அன்றைக்கும் பூ தருவோம், ஆனால் அக்கம்பக்கத்தில் யாரும் கொண்டாடாத நாளில் அம்மாவுக்குப் பொக்கே வந்தால் எதற்கென்று அவருக்கே புரியாமல் போகலாம். கூடவே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது?

நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, பூ வீட்டுக்குப் போன பிறகு அதை யார் கவனிப்பார்கள்? சில பூவுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும், காம்பை வெட்டிவிட வேண்டும். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவுக்கு நாம் அனுப்பும் பரிசு ஒரு வேலையாக ஆகிவிடக் கூடாது. நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

இரண்டாவது, எத்தனை நாள் இருக்க வேண்டும்? ஞாயிறு மதியம் வீட்டுக்கு ஆள் வருகிறார்கள், அன்றைக்கு ஜோராக இருந்தால் போதும் என்பது ஒரு தேவை. ஒரு வாரம் மேசையில் இருந்து, பார்க்கும்போதெல்லாம் பிள்ளை நினைவு வர வேண்டும் என்பது வேறு தேவை. இரண்டுக்கும் ஒரே பூ சரிவராது.

மூன்றாவது, பூ எப்படிப் போய்ச் சேரும்? மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடுகிறது. எங்கள் பையன்கள் பைக்கில்தான் எடுத்துப் போகிறார்கள். காலை எட்டு மணிக்குச் சாய்பாபா காலனிக்குப் போகும் கொத்தும், பகல் ஒரு மணிக்குச் சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும் கொத்தும் ஒன்றில்லை.

நான்காவது, நீங்கள் கொடுக்கும் பணத்தில் பூவுக்கு எவ்வளவு போகிறது, பேப்பர், கூடை, ஜாடி, வண்டி இவற்றுக்கு எவ்வளவு போகிறது?

| | சரம் | கைக்கொத்து | ஜாடி | கூடை |
|---|---|---|---|---|
| விலை | ₹300 | ₹500 | ₹800 | ₹1,100 |
| உள்ளே இருப்பது | மல்லிச் சரம் 5 முழம், ரோஜா 3 | டச்சு ரோஸ் 10 அல்லது ஜெர்பரா 10 | கார்னேஷன் 12, பச்சிலை, கண்ணாடி ஜாடி | டச்சு ரோஸ், ஜெர்பரா, ஜிப்ஸி, ஃபோம் வைத்த கூடை |
| மே மாதத்தில் தாங்குவது | அன்று மாலை, மறுநாள் காலை | 3 முதல் 5 நாள் | 8 நாள் வாக்கில் | 2 முதல் 3 நாள் |
| அம்மாவுக்கு வேலை | இல்லை | நிறைய | கொஞ்சம் | தினமும் தண்ணீர் விட வேண்டும் |
| பூ அல்லாத செலவு | ₹20 | ₹70 | ₹170 | ₹230 |

டெலிவரி இந்த விலையில் சேராது. மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட்டிலிருந்து 5 கிலோமீட்டர் வரை ₹50, அதற்கு மேல் 12 கிலோமீட்டர் வரை ₹80. குறிப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேண்டும் என்றால் ₹60 கூடும், ஏனென்றால் அந்தப் பையன் வழியில் வேறு வீட்டுக்குப் போக முடியாது.

## மல்லிச் சரம், ₹300

கோவைக்கு மல்லி பெரும்பாலும் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வருகிறது. கோடைதான் மல்லிக்குச் சீசன். பனிக்காலத்தில் கைக்கு எட்டாத விலை விற்கும் பூ இப்போது தாராளமாக வரும். அதனால் நான்கிலும் மிகக் குறைந்த பணத்தில் மிக நல்ல தரம் கிடைப்பது இதில்தான். மே மாதம் டச்சு ரோஸுக்குச் சிரமமான காலம், மல்லிக்கோ இதுதான் நல்ல காலம்.

மல்லியை விடியலில் மொட்டாகப் பறிக்கிறார்கள். அது மாலையில்தான் விரியும். ஆகவே சரம் மதியத்துக்குள் வீட்டுக்குப் போனால், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் வீடே மணக்கும். வாழையிலையில் பொதிந்து, மேலே ஈரத்துணி சுற்றித் தருகிறோம். வந்ததும் பூவின் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஈரம் பட்ட மல்லி பழுப்பேறிவிடும். மறுநாளுக்கு வேண்டுமானால் இலையோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்.

மறைந்திருக்கும் செலவு என்று இதில் எதுவும் இல்லை, டெலிவரியைத் தவிர. தூரம் அதிகமென்றால் ₹300 பூவுக்கு ₹80 வண்டிக்கூலி உறுத்தும். பக்கத்தில் அம்மா வாசலுக்கு வரும் பூக்காரம்மா இருந்தால், அவரிடமே ஐந்து முழத்துக்குச் சொல்லி வைத்துப் பணம் அனுப்பிவிடுங்கள். அதுவே மேல்.

ஒன்றைக் கவனமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அப்பா இல்லாத வீட்டில் அம்மா தலையில் பூ வைப்பாரா என்பது அவரவர் மனம், அவரவர் வீட்டு வழக்கம். வைத்துக்கொள்கிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அது அம்மாவின் விருப்பம். முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது நம் பொறுப்பு. தெரியாவிட்டால் சரத்தைத் தலைக்கு என்று எழுதாமல், சாமி படத்துக்கும் அப்பா படத்துக்கும் போடுகிற மாலையாகக் கட்டச் சொல்லுங்கள். அதே விலைக்குக் கட்டித் தருவோம்.

சரம் யாருக்கு நல்லது: பூச்சாடி, பூக்கூடை எதிலும் நாட்டமில்லாத, ஆனால் மல்லியைக் கண்டால் முகம் மலர்கிற அம்மாக்களுக்கு. அப்படிப்பட்ட அம்மாவுக்கு ₹1,100 கூடை அனுப்பினால், "எதுக்குடா இவ்வளவு செலவு?" என்றுதான் போன் வரும்.

## கைக்கொத்து, ₹500

அதிகம் விற்பது இதுதான். அதிகப் புகார் வருவதும் இதற்குத்தான். ஏன் என்று பார்ப்போம்.

டச்சு ரோஸ், ஜெர்பரா இரண்டும் ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து அட்டைப்பெட்டியில் இரவு வண்டியில் வருகின்றன. தண்ணீரில்லாமல் வரும் பூவைக் கடையில் பிரித்து, காம்பை ஓர் அங்குலம் வெட்டி, வாளித் தண்ணீரில் மூன்று நான்கு மணி நேரம் நிறுத்தினால்தான் அது நன்றாகத் தண்ணீர் குடித்து நிமிரும். அவசரத்தில் இந்த நேரத்தைக் குறைத்தால் கட்டும்போது பூ நன்றாகவே இருக்கும், மாலையில் தலை தொங்கிவிடும். மொட்டுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் காம்பு வளைந்து பூ குனிந்து நிற்கும். காம்புக்குள் காற்றோ கிருமியோ அடைத்து, தண்ணீர் மேலே ஏறவில்லை என்பதே அதற்குக் காரணம்.

பூ புதிதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரோஜா மொட்டின் அடிப்பாகத்தை இரு விரலால் லேசாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு. மெத்தென்று அமுங்கினால் பழசு. வெளிப்பக்கத்து ஓரிரண்டு இதழ் பச்சையோடியோ ஓரம் கறுத்தோ இருந்தால் பயப்பட வேண்டாம். அவை உள்ளிருக்கும் மொட்டைக் காக்கும் இதழ்கள். பயணத்தில் அடிபடட்டும் என்றே அவற்றை விட்டுவைக்கிறார்கள், கட்டும் முன் நாங்கள் கிள்ளி எடுத்துவிடுவோம். ஒன்றிரண்டு விட்டுப்போனால் நீங்களே கிள்ளிவிடலாம்.

கொத்து வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது: பேப்பரைப் பிரித்து, காம்பைச் சாய்வாக ஓர் அங்குலம் வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளை எல்லாம் எடுத்துவிட்டு, பாத்திரத்தில் வைக்க வேண்டும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். ரோஜாவுக்குத் தண்ணீர் பாதி ஜாடி நிறையலாம். ஜெர்பராவுக்கு இரண்டு மூன்று அங்குலம் போதும். அதன் காம்பு உள்ளே வெறுமையானது, மேலே மெல்லிய ரோமம் இருக்கும். நிறையத் தண்ணீரில் நின்றால் அழுகி வழவழப்பாகிவிடும். ரோஜா தலை தொங்கினால் உடனே தூக்கிப் போட வேண்டாம். காம்பை மறுபடி வெட்டி, பூவைச் சேர்த்து இறுக்கமாக நியூஸ்பேப்பரில் சுற்றி, ஆழமான வாளித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிறுத்தினால், புதுப் பூவாக இருந்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

இவ்வளவையும் அம்மா செய்வாரா? பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. கொத்தைப் பேப்பரோடு டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைக்கிறார்கள். பிரிக்க மனசு வருவதில்லை, பிள்ளை அனுப்பியது அப்படியே இருக்கட்டும் என்று. அடியில் நாங்கள் சுற்றியிருக்கும் ஈரப் பஞ்சு கூடிப்போனால் அரை நாள் தாங்கும். திங்கட்கிழமை காலையில் பூ வாடிப்போய்விடுகிறது. பூ நல்லதுதான். கைக்கொத்து என்பது கொடுத்தவுடன் தண்ணீரில் நிறுத்த வேண்டிய பொருள் என்பது மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கே பூச்சாடி. வீட்டில் ஒன்று இல்லையென்றால் எவர்சில்வர் சொம்பு போதும், கழுத்து குறுகலாக இருப்பதால் பூ நன்றாகவே நிற்கும். வாங்கத்தான் வேண்டும் என்றால் ₹150 கூடிவிடும். அப்போது நீங்கள் ஏறக்குறைய ஜாடி விலையை நெருங்கிவிட்டீர்கள். இன்னொன்று முகூர்த்தம். அந்த வார இறுதியில் முகூர்த்தம் சேர்ந்தால் டச்சு ரோஸ் விலை மார்க்கெட்டில் ஏறும். விலையை ஏற்ற மாட்டோம், ஆனால் பத்து ரோஸுக்குப் பதில் எட்டு வரும். கட்டும் முன் உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் கட்டுவோம். ஜெர்பராவை எடுத்தால் இந்தச் சிக்கல் குறைவு.

கைக்கொத்து யாருக்கு நல்லது: நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தால் இதுதான் என் முதல் தேர்வு. கையில் கொடுக்கும் அந்தக் கணத்துக்காகவே செய்த வடிவம் இது. போட்டோ எடுத்து முடித்ததும் நீங்களே பேப்பரைப் பிரித்துத் தண்ணீரில் வைத்துவிட்டு வாருங்கள். அல்லது பூச்செடி, பூச்சாடி என்று ஆர்வமாகப் பார்க்கிற அம்மாவுக்கு அனுப்புங்கள்.

## கண்ணாடி ஜாடியில் கார்னேஷன், ₹800

ஊரில் இல்லாத பிள்ளைகளுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதுதான். கார்னேஷன் நீலகிரியிலிருந்து, கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக இறங்குகிறது. வழி குறைவு என்பதால் வாடாமல் வரும். ரோஜாவை விட இதழ் தடிமன், காம்பு கெட்டி. மே மாத வெயிலிலும் நிழலில் இருந்தால் எட்டு நாள் வாக்கில் நிற்கும். ஜாடியிலேயே தண்ணீரோடு போவதால் அம்மா செய்ய வேண்டியது மேசையில் வைப்பது மட்டும்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். போர் தண்ணீரை விடச் சிறுவாணித் தண்ணீர் நல்லது. உப்பு கூடினால் பூ சீக்கிரம் சோர்ந்துவிடும்.

இந்தப் பூவுக்கும் இந்த நாளுக்கும் பழைய சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் 1908 மே 10 அன்று தன் தாயின் நினைவாகக் கிராஃப்டன் என்ற ஊரில் நடத்திய தேவாலய நிகழ்ச்சிக்கு அனுப்பியது வெள்ளை கார்னேஷன்தான், அவருடைய அம்மாவுக்குப் பிடித்த பூ. அதன் பிறகு அங்கே மறைந்த தாய்க்கு வெள்ளை, வாழும் தாய்க்குச் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு என்று வழக்கமாயிற்று. அதனால் நாங்களும் ஜாடிக்கு இளஞ்சிவப்பைத்தான் வைக்கிறோம். அம்மா இல்லாதவர்கள் படத்துக்கு முன் வைக்க வெள்ளை கேட்டால் அதே விலைக்குத் தனியாகக் கட்டித் தருகிறோம்.

கார்னேஷனுக்கு ஒரே எதிரி உண்டு, அதுவும் மே மாதத்தில்தான் வீட்டுக்குள் வரும்: மாம்பழம். பழுக்கும் மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கார்னேஷனுக்கு அது விஷம் மாதிரி. இதழ் ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டு, பூ தூங்குவது போல மூடிக்கொள்ளும். அப்படி மூடிய பூவை எந்தத் தண்ணீரும் திறக்காது. வாடிய பூ தொங்கும், ஓரம் காயும். எத்திலீன் பட்ட பூ நிறம் மங்காமல் சுருங்கி நிற்கும். இந்த வித்தியாசத்தை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். டைனிங் டேபிளில் பழக்கூடைக்குப் பக்கத்தில் ஜாடியை வைத்தால் எட்டு நாள் பூ மூன்றாம் நாளே போய்விடும். பழம் சமையலறையில், ஜாடி ஹாலில் என்று இருந்தால் பிரச்சினையில்லை. ஒவ்வொரு ஜாடியிலும் இதை எழுதிய சின்ன அட்டை கட்டி அனுப்புகிறோம்.

குறை என்று சொன்னால், படத்தில் பார்க்கச் சின்னதாகத் தெரியும். எண்ணூறு ரூபாய்க்கு இவ்வளவுதானா என்று கேட்பார்கள். அதில் ₹170 கண்ணாடிக்கும் பெட்டிக்கும் போகிறது என்பதும் உண்மை. ஆனால் ஜாடி வீட்டிலேயே இருக்கப்போகிறது. அடுத்த பிறந்தநாளுக்கு ஜாடி வேண்டாம், பூ மட்டும் போதும் என்றால் ₹170-ஐக் கழித்துக்கொண்டு தருகிறோம். தண்ணீரோடு பைக்கில் போவதால் ஒரு வண்டியில் நான்கு ஜாடிக்கு மேல் ஏற்ற முடியாது. அதனால் ஜாடி ஆர்டருக்குக் கெடு சீக்கிரம் முடிந்துவிடும்.

## பூக்கூடை, ₹1,100

பார்த்தவுடன் அசத்துவது இதுதான். இருபது இருபத்தைந்து பூ, நடுவில் ரோஜா, சுற்றிலும் ஜெர்பரா, இடையிடையே ஜிப்ஸி. கதவைத் திறந்ததும் "அடேயப்பா" என்று வாயில் வரும். ஆனால் மே மாத வீட்டில் முதலில் வாடுவதும் இதுதான்.

கூடைக்குள் பச்சை நிறத்தில் ஃபோம் கட்டி இருக்கிறது. தண்ணீர் குடித்த அந்தக் கட்டியில் காம்புகளைக் குட்டையாக வெட்டிக் குத்தியிருப்போம். அந்தக் கட்டியில் இருப்பதுதான் அத்தனை பூவுக்கும் தண்ணீர். ஃபேன் நாள் முழுக்க ஓடுகிற ஹாலில் மேல்பக்கம் மளமளவென்று காய்ந்துவிடும். காலையும் மாலையும் ஒரு டம்ளர் தண்ணீர் பூவுக்கு நடுவில், கட்டியின் மேல் மெதுவாக விட வேண்டும். ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் அது மறுபடி சரியாகத் தண்ணீர் குடிக்காது. மேலே விட்ட தண்ணீர் ஓரமாக வழிந்து கூடைக்கு வெளியே வரும். மர மேசையில் கறை விழுவது இப்படித்தான். அடியில் ஒரு தட்டு வைப்பது நல்லது.

வேறு கடையில் வாங்கினாலும் கவனிக்க ஒரு விஷயம் சொல்கிறேன். ஃபோம் கட்டியைத் தண்ணீரின் மேல் போட்டால் தானாகக் குடித்து மூழ்க வேண்டும். அவசரப்பட்டுக் கையால் அமுக்கினால் வெளிப்பக்கம் நனையும், நடுவில் காற்று தங்கிவிடும். அங்கே குத்திய பூ மட்டும் மாலைக்குள் வாடும். ஒரு கூடையில் ஓரத்துப் பூவெல்லாம் நன்றாக இருந்து நடுப்பூ மட்டும் சோர்ந்திருந்தால் இதுதான் காரணம்.

மறைந்திருக்கும் செலவு: ₹230 கூடைக்கும் ஃபோமுக்கும் பாலிதீனுக்கும். ஜாடி மாதிரி இவற்றில் திரும்பப் பயன்படுவது கூடை மட்டும்தான். ஃபோம் மக்காது, தோட்டத்து மண்ணிலும் போட முடியாது. பைக்கில் ஒரு கூடைக்கு மேல் பத்திரமாகப் போகாது என்பதால் 5 கிலோமீட்டருக்கு மேல் ஆட்டோதான், கூலி ₹150 வாக்கில் ஆகும். ₹1,100 கூடை சரவணம்பட்டிக்குப் போனால் கையை விட்டுப் போவது ₹1,250.

கூடை யாருக்கு நல்லது: ஞாயிறு மதியம் குடும்பம் கூடிச் சாப்பிடுகிறது, அன்றைக்கு நடு ஹாலில் நிற்க வேண்டும், மறுநாளைப் பற்றிக் கவலையில்லை என்றால் இதற்கு ஈடு வேறு இல்லை. பூவைப் பார்த்துக்கொள்ள மருமகளோ பேத்தியோ வீட்டில் இருந்தாலும் சரி. தனியாக இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவதாக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

## சனி மாலையா, ஞாயிறு காலையா?

எல்லோரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் கேட்கிறார்கள். எத்தனை பையன்களைப் போட்டாலும் பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் நிற்க முடியாது. ₹60 கூடுதலாகக் கொடுத்து நேரம் குறிக்காத ஆர்டருக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை என்றுதான் உறுதி தர முடிகிறது. கடைசியில் போகும் வண்டி பன்னிரண்டு மணி வெயிலில் போகும்.

ஜாடி என்றால் சனி மாலை ஐந்து முதல் எட்டுக்குள் அனுப்பிவிடுவது நல்லது. வெயில் தாழ்ந்திருக்கும், வீட்டில் ஆள் இருப்பார்கள், ஞாயிறு காலை அம்மா எழுந்து வரும்போது பூ இன்னும் கொஞ்சம் விரிந்திருக்கும். சரத்தைச் சனிக்கிழமை அனுப்பினால் ஞாயிறுக்கு அது பழையது, ஆகவே ஞாயிறு காலைதான். கூடைக்கும் ஞாயிறு காலைதான், எட்டு மணி வண்டியில். கைக்கொத்தை நீங்களே வாங்கிப் போவதாக இருந்தால் வழியில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு மட்டும் போகாதீர்கள். மூடிய காருக்குள் அரை மணி நேரம் போதும் ரோஜா வெந்துபோக.

## ஓர் ஆர்டரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் சென்ற ஆண்டு கேட்டது இது. அம்மாவும் அப்பாவும் வடவள்ளியில், மாடி வீடு. கையில் ஆயிரம் ரூபாய், வேண்டுமானால் இன்னும் நூறு போடலாம். படத்தைப் பார்த்துக் கூடை கேட்டார், ஞாயிறு பத்து மணிக்கு.

கூடை ₹1,100, வடவள்ளிக்கு ஆட்டோ ₹150, நேரம் குறித்ததற்கு ₹60. மொத்தம் ₹1,310. பணம் தாண்டிவிட்டது. அதோடு, "ஞாயிறு காலை அம்மா வீட்டில்தான் இருப்பாங்களா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இல்லண்ணா, மருதமலைக்குப் போவாங்க, வர பதினோரு மணி ஆகும்" என்றார். பூட்டிய வீட்டு வாசலில் கூடை ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கும்.

கடைசியில் முடிவானது: சனி மாலை ஜாடி ₹800, அதே வண்டியில் அப்பா கையில் கொடுக்க இரண்டு முழம் மல்லி ₹80, டெலிவரி ₹80. மொத்தம் ₹960. மல்லி மட்டும் அன்று மாலைக்கு. அம்மா அதை வைத்துக்கொண்டு எடுத்த படத்தை அந்தப் பெண் எங்களுக்கும் அனுப்பினார். ஜாடி அடுத்த ஞாயிறு வரை இருந்ததாகவும் எழுதியிருந்தார்.

கையில் ₹600 மட்டும்தான் என்றிருந்தால்? அவர் கோவைக்கு வருவதாக இருந்தால் கைக்கொத்து. வரவில்லையென்றால் சரம் ₹300, டெலிவரி ₹80, மீதியை வைத்திருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

## ஆர்டர் கெடு

ஓசூர், நீலகிரிப் பூவுக்கு நாங்கள் எண்ணிக்கை சொன்ன பிறகுதான் அங்கே வெட்டுகிறார்கள். வண்டி வந்து, பூ தண்ணீர் குடித்து நிமிரவும் நேரம் வேண்டும். கெடுவுக்குப் பிறகு வரும் ஆர்டரை எடுத்தால் அந்த மூன்று நான்கு மணி நேரத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். அதனால் எடுப்பதில்லை. வண்டி நேரம் உறுதியானதும் கீழே உள்ள இடங்களை நிரப்புவோம்.

- ஜாடி, நிறம் சொல்லிக் கேட்கும் பூக்கள்: [நாள் ____, மணி ____]
- கைக்கொத்து, கூடை: [நாள் ____, மணி ____]
- மல்லிச் சரம்: [நாள் ____, மணி ____]
- கடைக்கு நேரில் வந்து எடுத்துக்கொள்வது: [நாள் ____, மணி ____ வரை]

ஆர்டர் அனுப்பும்போது அம்மாவின் பெயர், முகவரி, கதவு எண், எந்த மாடி, வீட்டில் இருப்பவர் ஒருவரின் போன் எண், இவற்றை எழுதுங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் அப்பா எண்ணோ பக்கத்து வீட்டு எண்ணோ கொடுங்கள். பையன் வாசலில் நின்று அம்மாவுக்கே போன் போட்டால் ஆச்சரியம் போய்விடும். அட்டையில் எழுத வேண்டிய வாசகத்தைத் தமிழில் தட்டச்சு செய்தே அனுப்புங்கள், கையால் அப்படியே எழுதி வைக்கிறோம். கேட்ட நிறம் அன்றைக்கு வராவிட்டால் என்ன செய்யலாம் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: வேறு நிறம் போடவா, பூவை மாற்றவா, இல்லை போன் செய்து கேட்கவா. ஞாயிறு காலை ஏழு மணிக்கு உங்களை எழுப்பிக் கேட்க வேண்டியிருக்காது.